பிரஸ்ஸை நிறுத்தும் நாள்

பென்னலூரில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நான்கு மெஷின்கள். இரண்டு லேத், ஒரு கம்ப்ரெஸர், தகட்டை அடித்து வளைக்கிற ஒரு பவர் பிரஸ். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான்தான் நடத்துகிறேன். எல்லாவற்றையும் விற்றுவிட்டு மகனோடு போய் இரு என்று சொன்னவர்கள் உண்டு. நான் யாரையும் கேட்டு நடந்தவள் இல்லை. காலையில் நானே கதவைத் திறப்பேன். சாயந்திரம் நானே பூட்டுவேன். நடுவில் கூட இருப்பது இரண்டு லேத்துக்காரர்கள், மெஷினில் அச்சு மாட்டிச் சரிசெய்கிற ஒரு செட்டர், பிரஸ் ஓட்டுகிற திருநெல்வேலிப் பெண் ஒருத்தி. ஆறு மணிக்கு மேல் கூட யாரும் இல்லை.

ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குக் கிளாம்ப் அடித்துக் கொடுக்கிறோம். மெஷினுக்கு எப்போது எண்ணெய் மாற்றுவீர்கள், எப்போது பிரித்துப் பார்ப்பீர்கள் என்று காலண்டர் போட்டுச் சுவரில் மாட்டினால்தான் ஆர்டர் தொடரும் என்று அவர்கள் சொன்னார்கள். என் மகன் கோயம்புத்தூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறான். அவன் போட்டு அனுப்பினான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கலர் வைத்தான். பச்சை தினப்படி: கம்ப்ரெஸர் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவது, லேத்தைத் துடைத்து எண்ணெய் போடுவது. மஞ்சள் வாரத்துக்கு ஒருமுறை: காற்று ஃபில்டரைத் தட்டி ஊதுவது. நீலம் மாதத்துக்கு ஒருமுறை: பெல்ட் தளர்ந்ததா, போல்ட் லூசா, பிரஸ்ஸின் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது.

நீலத்துக்குத் தனியாக மெஷினை நிறுத்த வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள் எங்கள் பக்கம் காலையிலிருந்து மத்தியானம் வரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கே எல்லாம் பார்த்துவிடுவோம். எண்ணெய் மாற்றுகிற மாதமாக இருந்தால், கரண்ட் போவதற்கு முன்னால் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்வோம். சூடாக இருந்தால்தான் பழைய எண்ணெய் அடியிலிருக்கிற கசடையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

சிவப்பு வருஷத்துக்கு ஒன்று. பிரஸ்ஸை இரண்டு நாள் நிறுத்தி, பிரேக் லைனிங், கிளட்ச், புஷ் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் எங்கள் ஆட்கள் செய்வார்கள். இதற்கு மட்டும் தெரிந்த கை வேண்டும்.

"பிரஸ்ஸை வெளி ஆளுக்கு வுடாதம்மா. அது அப்பா வாங்கினது. நானே வந்து பண்றேன்" என்று மகன் போனில் சொன்னான்.

அன்றிலிருந்து அந்த இரண்டு சிவப்புக் கட்டங்கள் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. அவன் வந்து போய் ரொம்ப நாளாகிவிட்டது. வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. பிரஸ் கூப்பிட்டால் வருவான்.

முதலில் சிவப்பை ஆயுத பூஜையில் போட்டிருந்தான். இரண்டு நாள் லீவு, மெஷின் சும்மா நிற்கும் என்று கணக்கு. எங்கள் செட்டர் பென்னலூர்க்காரர், வாய் நீளம். காலண்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா யம்மா இது? அன்னிக்கு ஸ்பானரு, சுத்தி எல்லாம் சாமி முன்னாடி பொட்டு வெச்சிகினு படுத்துகினு இருக்கும். மெசின் சும்மாத்தான் நிக்கும், கையும் சும்மா நிக்கணுமே. வெறும் பல்லால கயட்டுவாரா உங்க புள்ள?"

எனக்கே அது தோன்றவில்லை. பூஜையில் வைத்த சாமானை எடுக்கிற வழக்கம் எங்கள் ஷெட்டில் கிடையாது. மகனிடம் சொன்னேன். அவனும் சிரித்தான்.

"மறந்தே போச்சும்மா. கம்ப்யூட்டர்ல லீவு நாள்னு காமிச்சுது, போட்டுட்டேன். சரி, வேல இல்லன்னா அன்னிக்கு வந்து இன்னா பண்றது? லீவ தீபாவளிக்கு வெச்சிக்கிறேன்."

வந்து சாப்பிட்டுவிட்டுப் போடா என்று சொல்லியிருக்கலாம். "சரிப்பா" என்றேன்.

தீபாவளிக்கு அவன் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. பொங்கலன்று போன் செய்தபோது பின்னால் ஒரே இரைச்சல்.

"நல்ல நாளும் அதுவுமா எங்கடா கீற?"

"பிளாண்ட்லதாம்மா. இப்பதான லைனை நிறுத்தியிருக்காங்க. வருஷம் பூரா காத்துகினு இருந்த வேல எல்லாம் இந்த நாலு நாள்ல முடிச்சாவணும். மெயின்டெனன்ஸ்காரனுக்குப் பண்டிகன்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாதுதான். போனை வைத்த பிறகு சுவருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அப்போதுதான் விஷயம் விளங்கியது. என் மெஷின் சும்மா நிற்கிற நாளெல்லாம் அவன் மெஷினும் சும்மா நிற்கிற நாள். அவனுடைய வேலையே அன்றைக்குத்தான். பண்டிகையில் சிவப்பைப் போட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் அவன் வரப் போவதில்லை. அவன் வரவேண்டும் என்றால், எல்லோருடைய மெஷினும் ஓடுகிற ஒரு வேலை நாளில் நான் என் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும்.

வேலை நாளில் பிரஸ்ஸை நிறுத்துவது சுலபமில்லை. ஒரகடத்துக் கம்பெனிக்கு நானே போனேன். பர்ச்சேஸ் பார்க்கிற தம்பி என் மகனை விடச் சின்னவன்.

"சரக்கு ஒரு நாள் லேட் ஆனாலும் எங்க லைன் நின்னுடும் மேடம்" என்றான்.

"லேட் ஆவாது. ரெண்டு நாள் சரக்கை முன்னாடியே அடிச்சி ரேக்ல வெச்சிடறேன். அதுக்கப்புறம் நிறுத்தினா உனக்கு இன்னா?"

அவன் கம்ப்யூட்டரைத் தட்டினான். "அப்படின்னா ஓகே மேடம். மாசி மாசத்துல ஒரு புதன், வியாழன் எடுத்துக்குங்க."

மேடம் என்று அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நெரிசல் தெரியவில்லை.

மகனும் லீவு வாங்கிவிட்டான். தினமும் சாயந்திரம் கொஞ்ச நேரம் ஓ.டி. போட்டுக் கிளாம்ப் அடித்தோம். ரேக்கில் பெட்டி ஏறிக்கொண்டே வந்தது. சிவப்பைப் பழைய இடத்தில் கோடு போட்டு அடித்துவிட்டு அந்தப் புதன், வியாழனுக்கு நானே ஸ்கெட்ச் பேனாவால் பூசினேன். கொஞ்சம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அந்தப் புதனுக்கு முந்தின வாரம், ஒரு நாள் காலையில் பிரஸ் ஓட்டுகிறவள் வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அவள் பதறுகிறவள் இல்லை.

"ஆச்சி, பெடல்ல இருந்து கால எடுத்த பொறவும் ராம் மேல நிக்க மாட்டேங்கு. கொஞ்சம் கீழ வழுக்குது. எனக்குக் கைய உள்ள வைக்கப் பயமா இருக்கு."

பிரஸ்ஸில் பெடலை ஒரு தடவை மிதித்தால் ராம் என்கிற மேல் இரும்பு ஒரு தடவை இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே போய் நிற்க வேண்டும். அது மேலே நிற்கிற நேரத்தில்தான் அடித்த கிளாம்பை எடுத்து அடுத்த தகட்டை வைப்பார்கள். நிறுத்திப் பிடிப்பது பிரேக்.

மெயினை அணைக்கச் சொன்னேன். பெரிய சக்கரம் சுற்றி ஓய்கிற வரை செட்டர் காத்திருந்து, ராமுக்கு அடியில் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு ஏறிப் பார்த்தார். வழக்கமான கேலி வரவில்லை.

"மாசா மாசம் பிரேக் நட்டை இறுக்கிகினேதான் வந்தோம் யம்மா. இனிமே இறுக்க எடமில்ல. லைனிங் தேஞ்சிட்ச்சி, மாத்தித்தான் ஆவணும். புள்ள எப்ப வர்றாரு?"

"அடுத்த வாரம்."

"அதுவரிக்கும் மெல்ல ஓட்டலாமா?" என்று லேத்துக்காரர் ஒருவர் கேட்டார்.

"உன் கைய வெச்சி ஓட்டுய்யா, நான் பாக்கறேன்" என்றார் செட்டர்.

நான் மகனுக்குப் போன் போட்டேன். நாளைக்கே வர முடியுமா என்று கேட்டேன்.

"அடுத்த புதனுக்குத்தாம்மா லீவு. மாத்தினா தர மாட்டாங்க."

"ரேக்ல ரெண்டு நாள் சரக்குதான் கீது."

"தெரியும்மா. நிறுத்தியே வெச்சா ஆர்டர் போயிடும். ஓட்டவும் கூடாது." பிறகு அவனே சொன்னான்: "வெளி ஆளையே கூப்புடும்மா."

குன்றத்தூரிலிருந்து ஒரு ஃபிட்டர் அன்று மத்தியானமே வந்தார். சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை முந்தானை முடிச்சில் கட்டிக்கொண்டேன். பழைய லைனிங்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஓரத்தில் தேய்ந்து, ரிவெட்டுத் தலை தெரிந்தது. கிளட்ச் ஸ்பிரிங்கும் மாற்றினார், புஷ்ஷையும் பார்த்தார். சிவப்பில் எழுதியிருந்த எல்லாம் செய்தார். கை சுத்தமான ஆள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் சாயந்திரம் தகடு வைக்காமல் பலமுறை ஓட்டிக் காட்டினார். ராம் மேலே போய் அசையாமல் நின்றது.

"இப்ப நிறுத்துனா நிறுத்துன எடத்துலயே நிக்கு ஆச்சி" என்று திருநெல்வேலிக்காரி சந்தோஷமாகச் சொன்னாள்.

ராத்திரி மகனுக்குச் சொன்னேன். இன்னின்னது மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டான்.

"நல்லா பண்ணியிருக்காரும்மா. அப்பா பார்த்திருந்தாலும் இதத்தான் பண்ணியிருப்பாரு." பிறகு, "அப்ப அடுத்த வாரம் லீவ கேன்சல் பண்ணிடட்டுமா? அந்த லீவு பசங்க பரீட்சை முடிஞ்சப்புறம் உதவும்" என்றான்.

இல்லை, வருகிறேன் என்று அவன் சொல்வானோ என்று பார்த்தேன். நான் வா என்று சொல்வேனோ என்று அவனும் பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

"பண்ணிடு" என்றேன்.

அந்தப் புதன்கிழமை வழக்கம் போல எட்டு மணிக்குப் பிரஸ் ஓட ஆரம்பித்தது. வேலை நின்ற இரண்டு நாளும் ரேக்கில் இருந்த சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரகடத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. செட்டர் காலண்டருக்கு முன்னால் நின்று, "வேல முன்னாடியே முடிஞ்சிட்ச்சின்னு எழுதிடட்டுமா யம்மா?" என்றார். எழுதச் சொன்னேன்.

பதினோரு மணிக்கு மேல் மகனே கூப்பிட்டான். வாசலைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தேன்.

"அம்மா, புது லைனிங் இந்நேரம் கொஞ்சம் படிஞ்சிருக்கும். பிரேக் நட்டை ஒரு தடவ பாத்து இறுக்கச் சொல்லு. மறந்துடுவீங்கன்னுதான் போன் பண்ணேன்."

"சொல்றேன். நீ சாப்டியா?"

"இங்க லைன் நின்னுட்ச்சிம்மா, எல்லாரும் என்னையே பாக்கறாங்க. அப்புறம் பேசறேன்."

செட்டரிடம் சொன்னேன். மெயினை அணைத்து, சக்கரம் ஓயும் வரை நின்று, நட்டைக் கொஞ்சம் இறுக்கினார். பிறகு சுவிட்சைப் போட்டார். திருநெல்வேலிக்காரி பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டு, அவள் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.