ஒரே இடத்தில் நின்ற இரண்டு பட்டைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எங்கள் பாயான் பாரு அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தம்பிக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா பைராம் செம்பனைத் தோட்டத்திலிருந்து தனியாக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா வடை சுட்டு வைத்திருந்தாள். அவர் வடையைத் தொடவில்லை.

"கல்யாணத்துக்கு முன்ன ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. மகளுக்கு ஏதோ கோடு வேற மாதிரி வந்திருக்காம். மறைக்கக் கூடாதுன்னு வந்தேன்மா," என்றார். கிளினிக்கில் சொன்ன வார்த்தையை அவர் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். "எஸ் மாதிரி. இன்னும் உறுதியாகல."

அதற்கு அம்மா சொன்னதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

"எங்க பரம்பரையில இப்படி ஒரு சீக்கும் கிடையாது. தோட்டத்துல கண்ட தண்ணியையும் குடிச்சு வளர்ந்த ரத்தம். நாங்க நல்லா விசாரிச்சிருக்கணும்."

"மா, நிறுத்துங்க," என்றேன். தம்பியும் ஏதோ சொன்னான். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது கால் இரண்டு தடவை தவறியது. நான் லிஃப்ட் வரை கூடப் போனேன். என் தோளுக்குக் கீழே எங்கோ பார்த்தபடி, "நீங்க அந்த வேலைதானேம்மா பாக்குறீங்க? எம்மக ரத்தத்தை நீங்களே பாத்துச் சொல்லிடுங்க," என்றார். சரி என்றேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில், ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் எலெக்ட்ரோபோரசிஸ் மேசைதான் என்னுடையது. அடுத்த வாரமே தம்பியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து வந்தார்கள். மருத்துவர் இருவருக்கும் சோதனை எழுதிக் கொடுத்திருந்தார். உறவு என்பதால் ரத்தம் எடுத்ததும் மாதிரியை ஜெல்லில் ஓட்டியதும் கூட வேலை செய்யும் என் சீனத் தோழி. நான் பக்கத்து மேசையில் என் வேலையைப் பார்த்தேன்.

காத்திருந்த நேரத்தில் அந்தப் பெண் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. எதையும் கேட்டுவிடுவாள். நான் வெளியே வந்ததும் கேட்டாள்.

"அக்கா, ஒரு கோட்டைப் பாத்து எப்படி ரத்தத்தைச் சொல்றீங்க?"

யாருடையதும் அல்லாத, பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு பழைய ஜெல்லை, புரதங்கள் பிரிந்து கோடாக நிற்கும் கூழ்த் தகட்டை, எடுத்து வந்து காட்டினேன். அது சீரம் எனும் ரத்த நீரின் புரதத்துக்கான ஜெல். காரத் தன்மையுள்ள திரவத்தில் புரதங்களுக்கு எதிர்மின்சுமை ஏறும். மின்சாரம் விட்டால் நேர்முனையை நோக்கி நகரும். சுமை அதிகமானது முன்னால் ஓடும். முன்னால் தடிப்பாக நிற்பது அல்புமின். அதற்குப் பின்னால் ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா இரண்டு, பீட்டா. கடைசியில் காமா, புகை படர்ந்த மாதிரி அகலமாக. அந்தப் புகையில் ஊசி குத்தியதுபோல் ஒரு கூரிய பட்டை வந்தால் ஒரே வகை உயிரணு தன் பிரதியையே பெருக்கிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிப்போம். எலும்பு மஜ்ஜையைப் பார்க்கச் சொல்வோம்.

"பட்டை தானா நோயில்ல. எங்க நிக்குது, எவ்வளவு அகலம், பக்கத்துல ஓட்டின தெரிஞ்ச மாதிரியோட ஒத்துப்போகுதா, இதைத்தான் பாக்கணும்."

"அப்ப என்னோடது?"

ஹீமோகுளோபினும் அப்படித்தான் என்றேன். சாதாரண 'ஏ' முன்னால் போகும். அதன் ஓரிடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறி ஒரு எதிர்மின்சுமை குறைந்தால் அது பின்தங்கும். 'எஸ்' அப்படிப் பின்தங்குவது. ஆனால் 'டி' என்று இன்னொன்று இருக்கிறது. வேறு இடத்தில் மாற்றம். குறைந்த சுமை மட்டும் அதே அளவு. அதனால் இந்த ஜெல்லில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். பார்த்தால் பிரிக்க முடியாது.

"அதனாலதான் 'மாதிரி'ன்னு சொன்னாங்களா?"

"ஆமாம்மா. அதுக்கு மேல சொல்லக் கூடாது."

என் அம்மா சொன்னதை அவள் அப்பா வீட்டில் சொல்லியிருப்பாரா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் பேச்செடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "நீங்க குடிங்க அக்கா, முகம் வாடிப்போயிருக்கு லா," என்றாள். அந்த அன்பு எனக்குக் கூசியது.

முதல் ஜெல் வந்தது. அவள் தடத்தில் 'ஏ' ஒன்று, அதற்குப் பின்னால் 'எஸ்' நிற்கும் இடத்தில் ஒன்று. நான் எதிர்பார்த்ததுதான். தோழி அடுத்த தடத்தைக் காட்டினாள். அங்கும் அதே இரண்டு பட்டைகள், அதே இடத்தில். அது என் தம்பியுடையது.

அடுத்தது அமில ஜெல். அதில் சுமை மட்டும் கணக்கில்லை. ஜெல்லோடு ஒட்டும் விதமும் சேர்ந்துகொள்ளும். 'எஸ்' பிரிந்து நிற்கும், 'டி' 'ஏ'யோடு சேர்ந்தே நிற்கும். அவளுடைய இரண்டு பட்டைகளும் ஒன்றாகி 'ஏ' இருக்கும் இடத்தில் நின்றன. தம்பியுடைய இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. கடைசியாகக் கரைதிறன் சோதனை, 'எஸ்' இருந்தால் குழாய் கலங்கும். அவள் குழாய்க்குப் பின்னால் பிடித்த அட்டையின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. தம்பியின் குழாய் கலங்கிப்போய்க் கோடுகளை மறைத்தது. வேறொரு மெஷினிலும் ஓட்டினார்கள், மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். எதுவும் மாறவில்லை. அவளுக்கு 'டி'. 'எஸ்' எங்கள் வீட்டில்.

முடிவை மருத்துவர்தான் அவர்களிடம் சொன்னார். தனித்தனியாக இருவருக்கும் ஒன்றும் ஆகாது, அந்த மாற்றத்தைச் சுமப்பவர்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு பிள்ளைக்குப் போனால் அது கடுமையான அரிவாள் அணு நோய், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தெரிந்தே முடிவெடுக்கலாம், வழிகளும் இருக்கின்றன என்று பொறுமையாக விளக்கினாராம்.

தம்பி அன்று சாயங்காலமே அம்மாவிடம் தானே சொன்னான். "எனக்கு வந்தது உங்ககிட்டருந்தோ அப்பாகிட்டருந்தோதான் மா."

"உங்க அப்பா பக்கமாத்தான் இருக்கும்," என்றாள் அம்மா. எங்கள் அப்பா இறந்து பல வருஷமாகிறது. பதில் சொல்ல அவர் இல்லை. நீங்களும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கலாமே என்றேன். சமையலறைக்குள் போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவி வைத்த தட்டுகள்.

"அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க," என்று சமையலறை வாசலில் நின்று சொன்னேன். குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

நானே போனேன். தம்பி காரோட்ட, நிபோங் திபால் ஊரைத் தாண்டி அவர்கள் தோட்டத்துக்குள். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே, "அம்மா பேசினது தப்பு. எங்க வீட்டுலதான் அந்த எஸ் இருக்கு," என்றேன். அவருக்குச் சந்தோஷமில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "ரத்தத்துக்கு யாரு என்னம்மா பண்ண முடியும்," என்றார்.

அந்தப் பெண் தம்பியோடு வெளியே செம்பனை மரங்களின் பக்கமாக நடந்து போய்வந்தாள். திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னாள்.

"டாக்டர் சொன்னதுக்கு நான் பயப்படல அக்கா. அதுக்கு டெஸ்ட் இருக்கு, வழி இருக்கு. நாளைக்கு ஒரு பிள்ளை முடியாமப் பொறந்தா, உங்க அம்மா அதைப் பாத்து என்ன சொல்வாங்கன்னு நெனச்சேன். அதுக்கு எந்த டெஸ்டும் இல்ல. இந்தக் கல்யாணம் எங்களுக்கு வேணாம்."

தம்பியின் கண் சிவந்திருந்தது. அவள் அப்பா எங்களைத் தேநீர் குடிக்காமல் விடவில்லை. அந்தக் கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வரும் வழியில் தீவுக்குத் திரும்பும் பாலத்தில் நெரிசல். தம்பி ஒரு தடவை மட்டும், "அவ சொன்னது சரிதானே அக்கா?" என்று கேட்டான்.

"சரிதான்," என்றேன்.

வீட்டில் அம்மா சாப்பாடு எடுத்து மூடி வைத்திருந்தாள். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.