தியாகதுருகத்தில் ஒரு நிமிஷம்

இப்படி ஒரு மருமகள் கச்சிராயபாளையத்தில் இன்னொருத்தி இருந்தால் காட்டட்டும், பார்ப்போம். பக்கவாதம் வந்து மாமனார் செல்லமுத்து படுத்த படுக்கையான நாளிலிருந்து அவருக்கு எல்லாமே ஜெயசுதாதான். மூக்குக் குழாயில் கஞ்சி விடுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள், பீத்துணி அலசுவாள், பிறகு கரும்புக்குத் தண்ணீர் கட்டவும் ஓடுவாள். தீபாவளிக்குக்கூடத் தாய்வீடு போனதில்லை. அப்படிப் பார்த்தும் அவர் இடுப்பில் புண் வந்து எலும்பு தெரிந்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து மூடிவிடலாம் என்றார்கள். உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி ஜாபர் பாயின் ஆம்புலன்ஸ் வேனைப் பேசினார்கள். ஆக்சிஜன் உண்டு, சளி உறிஞ்சும் மிஷின் கிடையாது. பாயும் அவளும் முதல் நாளே வழியைப் பேசி முடித்துக்கொண்டார்கள். வெயில் ஏறுமுன் கிளம்ப வேண்டும். உளுந்தூர்பேட்டை தாண்டி, கக்கூஸ் உள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, அவரைப் புரட்டிப் போட்டு மூத்திரப் பையைக் காலி செய்ய வேண்டும். விழுப்புரத்தைத் தாண்டி இன்னொரு தடவை. வேறெங்கும் நிறுத்தம் கிடையாது.

"வாய் வழியா ஒரு சொட்டு கூடாதும்மா. தல ஒசந்தே இருக்கணும்" என்று பாயும் சொன்னார். அவளுக்குத் தெரியாததா? தலைமாட்டை உயர்த்தி, முட்டிக்குக் கீழே தலையணை வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டே வந்தாள்.

தியாகதுருகம் வந்ததும் அவள் புருஷன் சிவசங்கர் முன்சீட்டிலிருந்து வாயைத் திறந்தான். "பாய், அந்தச் சந்துல திருப்புங்க. அத்த வூடு. ஒரு நிமிஷம்."

"இன்னாங்க இது? யாரக் கேட்டு?" என்றாள் ஜெயசுதா.

"தம்பி மொகத்தக் காட்டாம கொண்டுகினு போயிட்டானுங்கன்னு காலத்துக்கும் பேசும். வரேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிட்டானாம்! இந்த மனுஷனுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது, பெண்டாட்டியைத் தவிர.

மாமனாரின் அக்கா லட்சுமியம்மாள் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். வேன் கதவு திறந்தது. விடியற்காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த ஜெயசுதா, "தொடாம பாத்துக்குங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். பாய் டயரைத் தட்டிப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது லட்சுமியம்மாள் கையில் பால் டம்ளர். சிவசங்கர் அப்பாவின் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்திருந்தான்.

"அய்யோ! இன்னா பண்றீங்க!"

"வெறும் வாயோட அனுப்புவனாடி? திரும்பி வரானோ இல்லியோ" என்றாள் கிழவி. பாதி டம்ளர் காலி. பெரியவர் இருமினார். ஜெயசுதா அவரை ஒருக்களித்துப் போட்டு வாயைத் துடைத்தாள். இருமல் அடங்கியது. அடங்கியது நல்லது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், பாவம், அவள் உட்பட.

எலவனாசூர்கோட்டை தாண்டியதும் நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்டது. உதடு நீலம் பாரித்தது. பாய் ஆக்சிஜனைக் கூட்டினார். "பாலு நுரையீரல்ல போயிருச்சும்மா. இனிமே உளுந்தூர்பேட்டதான் கிட்ட" என்று சைரனைப் போட்டார்.

"மாமா, இங்க பாருங்க, மாமா!" அவர் பார்த்தார். அவளைத்தான் பார்த்தார். விரல் அவள் முந்தானையைத் தேடியது. பிறகு நெஞ்சுச் சத்தம் நின்றுபோனது.

உளுந்தூர்பேட்டை அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வேனுக்குள்ளேயே ஏறி வந்து பார்த்தார். "வரும்போதே உயிர் இல்லம்மா" என்றார். பெட்ரோல் பங்க் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

பாய் வண்டியைத் திருப்பினார். சிவசங்கர் இப்போது பின்னால் வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். தலையைப் பிடித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஜெயசுதாவுக்கு அவனை அடித்துக் கொல்ல வேண்டும் போலிருந்தது. வேகத்தடை வந்ததும் அவள் கை தானாக மாமனாரின் இடுப்புக்குக் கீழே போனது.

போன் அடித்தது. சேதி அதற்குள் தியாகதுருகம் போயிருந்தது. சிவசங்கர் எடுக்கவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"என் தம்பி போயிட்டானாடி..." ஒப்பாரி கொஞ்சம் ஓய்ந்து, கிழவி கேட்டாள். "நான் குடுத்த பாலு உள்ள போச்சுல்ல? அதானே கடைசி?"

நாக்கு நுனிவரை வந்ததை ஜெயசுதா விழுங்கினாள். புருஷன் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தான்.

"போச்சு பெரியம்மா" என்றாள். "உங்க கையாலதான்."