கோழிக்குக் கீழே ஒரு கோடு

மெர்சி முதன்முதலாக அமிர்தத்திடம் பேசியது ஒரு ஜூலை மாதச் சாயங்காலத்தில். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஆதிநாராயணன் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் அமிர்தம். மெர்சி ஒரு தாளை நீட்டி முப்பத்தொரு காப்பி வேண்டுமென்றாள். அமிர்தம் தாளை வாங்கினாள். மெஷினில் வைக்கவில்லை.

"இதுல எழுதப்போற பிள்ளைங்களுக்கு என்ன வயசு டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆறு, ஒன்றாம் வகுப்பு என்றாள் மெர்சி. பென்சிலா பேனாவா என்று அடுத்த கேள்வி வந்தது. பென்சில்தான். அமிர்தம் தன் கட்டை விரலைத் தாளில் படுக்க வைத்து, படத்துக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தாள். கோட்டுக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலும் அதே விரலை வைத்தாள்.

"ரெண்டும் ஒரே அளவா இருக்குதே. மாத்தித் தரட்டுங்களா? பத்து நிமிஷம்தான்."

மெர்சிக்கு மங்கலம்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தத் தாளை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து தானே தயாரித்திருந்தாள் என்பதும் காரணம். அப்படியே போட்டுத் தாருங்கள், போதும் என்றாள். அமிர்தம் தலையாட்டிவிட்டுப் போட்டுக் கொடுத்தாள். கோழி, குடை, மரம், மீன், பானை என்று ஐந்து படங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பெயரெழுத ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் மேலே, தேதி போட ஒரு கோடு.

தாள்கள் திரும்பி வந்தபோது முப்பத்தொரு பிள்ளைகளில் பதினோரு பேருக்கு முட்டை. ஒரு விடைகூடச் சரியில்லை. அந்தப் பதினொன்றில் கிச்சாவும் இருந்தான். ஸ்கூல் வாசலில் நின்று போகிற வருகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையையெல்லாம் கத்திப் படிக்கிற பையன் அவன். தேதி போட வேண்டிய இடத்தில் "கோழி" என்று எழுதி வைத்திருந்தான். கடைசிக் கோடு வெறுமையாகக் கிடந்தது. விளையாட்டுப் புத்தி, நேரமும் போதவில்லை என்று மெர்சி முடிவு கட்டினாள்.

தலைமையாசிரியர் காஸ்பர் வேறு விதமாக முடிவு கட்டினார். எழுத்து தெரியாத பதினோரு பேரையும் திங்கட்கிழமை முதல் தனி வகுப்பில் உட்கார வைக்க வேண்டும், பெற்றோர்களுக்குக் கடிதம் போக வேண்டும் என்றார். தனி வகுப்பு என்றால் வராண்டா ஓரம். ஒருமுறை அங்கே போன பிள்ளையை மற்றப் பிள்ளைகள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்பது மெர்சிக்குத் தெரியும். ஆனாலும் எதிர்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கில்லை. சனிக்கிழமை காலையில் கடிதத்தை நகலெடுக்க அதே கடைக்குப் போனாள்.

கடிதத்தைப் படித்த அமிர்தம், அந்தத் தாள்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். மெர்சி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அமிர்தம் பதினொன்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். ஆதார் அட்டைக்கு நின்றிருந்த பெரியவர் ஒருவர் இருமிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"டீச்சர், நீங்க போர்டுல படம் போட்டு எழுதுவீங்கல்ல? பேரை எங்க எழுதுவீங்க?"

மெர்சி யோசித்தாள். மேலே பெயரைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே படம் வரைவாள். தினமும் அப்படித்தான்.

அமிர்தம் கிச்சாவின் தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். தேதிக் கோட்டில் கோழி. கோழிப் படத்துக்குக் கீழே, குடைப் படத்துக்கு மேலே, குடை. குடைக்குக் கீழே மரம். மரத்துக்குக் கீழே மீன். மீனுக்குக் கீழே பானை. பானைக்குக் கீழே எழுத ஒன்றுமில்லை. அடுத்த தாளும் அப்படியே. பதினொன்றில் ஒன்பது தாள்கள் அப்படியே.

மெர்சி மற்றத் தாள்களைத் தானே எடுத்துப் பார்த்தாள். இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு பெயரையும் சரியாகத்தான் எழுதியிருக்கின்றன. அவள் கரும்பலகையை அந்தளவுக்கு உன்னிப்பாகப் பார்த்த பிள்ளைகள் இவைதான். மேலேயும் கீழேயும் சம இடைவெளியில் நின்ற கோடு யாருக்குச் சொந்தம் என்று தாள் சொல்லவில்லை. பிள்ளைகள் டீச்சர் போர்டில் எழுதுகிறபடி எடுத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு நாள் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டிருந்தும் தன் கண்ணில் படாதது இவள் கண்ணில் இரண்டு நிமிஷத்தில் எப்படிப் பட்டது?

அமிர்தத்துக்கு முப்பது வயதிருக்கும். நல்லூர்ப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலைக்குப் போனவள். அங்கே சம்பளம் போதாமல் டைப் கற்றுக்கொண்டு இந்தக் கடைக்கு வந்துவிட்டாள். திருமணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிக்கிற கடையில், சுற்றுவட்டார டீச்சர்கள் கொண்டுவரும் பயிற்சித்தாள்களை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டாள் என்று ஆதிநாராயணன் மெர்சியிடம் குறைபட்டுக்கொண்டார். "ஒரு தாளுக்கு அரை நாளு பண்ணும்மா இது. கலெக்டர் கையெழுத்துப் போடப் போறாரா அதுல?"

"கலெக்டருக்கு எப்படி இருந்தாலும் புரியும் அண்ணே," என்றாள் அமிர்தம், தலையைத் தூக்காமல்.

அன்றைக்கு அவள் செய்ததை மெர்சி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அமிர்தம் முதலில் கணினியைத் தொடவில்லை. படங்களைத் தானே பேனாவில் வரைந்தாள். மெர்சி இணையத்திலிருந்து எடுத்திருந்த வண்ண மீன், நகலில் கறுப்புத் திட்டாகிப் போயிருந்தது. அமிர்தத்தின் மீனுக்கு வெறும் கோடுதான், உள்ளே எதையும் நிரப்பவில்லை. கண் மட்டும் உருண்டையாக இருந்தது. படம் இடப்பக்கம், எழுதும் இடம் அதே வரிசையில் வலப்பக்கம். கோழியும் மீனும் வலப்பக்கம் திரும்பி, எழுத வேண்டிய இடத்தையே பார்த்தன. ஒவ்வொரு படத்தையும் அதன் விடையிடத்தையும் சேர்த்து ஒரே கட்டத்துக்குள் அடைத்தாள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டாள். ஒரு கட்டத்தில் மட்டும் விடையை முன்பே புள்ளிகளால் எழுதி வைத்தாள், பிள்ளை அதன்மேல் பென்சிலை ஓட்டிவிட்டு மற்றதைத் தானே செய்ய. எழுத்து பெரிதானது. விடையிடம், கை முழுவதாலும் இறுக்கிப் பிடித்த பென்சிலின் தடித்த எழுத்து இடிக்காத உயரத்துக்கு வந்தது. ஒரு பக்கத்தில் மூன்றே படங்கள்தான் அடங்கின. மீதி பின்பக்கம் போயின.

தாள் மெஷினிலிருந்து வெளியே வந்தபோது மெர்சி அதைக் கையில் வாங்கி, ஒரு வார்த்தையும் படிக்காமல் பார்த்தாள். கண் தானாகக் கோழியில் இறங்கி, கோழி பார்த்த பக்கம் போய், விடையிடத்தில் நின்றது. அவளையறியாமல் கை பென்சிலைத் தேடியது.

திங்கட்கிழமை காலை காஸ்பர் சாரின் அறையில் மெர்சி தன் வாழ்நாளிலேயே நீளமாகப் பேசினாள். தாள்தான் தப்பு, தயாரித்தது நான் என்றாள். உங்க கோடு தப்பென்றால் மற்ற இருபது பேர் எப்படிச் சரியாக எழுதினார்கள் என்று அவர் மடக்கினார். அந்த இருபது பேரும் எல்.கே.ஜி.யில் பயிற்சிப் புத்தகம் எழுதிப் பழகியவர்கள், இவர்கள் நேரே அங்கன்வாடியிலிருந்து வந்தவர்கள், இவர்களுக்கு என் கரும்பலகைதான் புத்தகம் என்றாள். கடிதங்களை மதியம்வரை நிறுத்தி வைக்க அவர் சம்மதித்தார்.

மதியத்துக்குள் பதினோரு பேரும் புதுத் தாளில் எழுதிவிட்டார்கள். ஒன்பது பேர் எழுதியது சரியாக இருந்தது. கிச்சா கோழியின் கண்ணுக்கு மை தீட்டிவிட்டிருந்தான். மிச்சம் இரண்டு பேருடைய தாளில் மட்டும் ஆரம்பித்துப் பாதியில் விட்ட கிறுக்கல்கள்தான். காஸ்பர் சார் ஒன்பது கடிதங்களைக் கிழித்துப் போட்டார். இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இவங்களுக்கு என்னம்மா பண்றது என்று கேட்டார், இந்தத் தடவை மெதுவாக.

அன்று சாயங்காலம் மெர்சி பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். ஒன்பது என்றதும் அமிர்தத்தின் முகம் மலரவில்லை. மிச்சம் இரண்டு தாள்களை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்:

"ஏழு வருஷமா தாளு போடறேன் டீச்சர். ஒரு பிள்ளை எழுதுறதைக்கூட நேர்ல பாத்தது இல்ல. அடுத்தவாட்டி எழுதும்போது, இந்த ரெண்டு பேருக்கும் பக்கத்துல தரையில என்னை உக்கார வுடுவீங்களா? வாயத் தொறக்க மாட்டேன். பென்சிலு எங்க நிக்குதுன்னு மட்டும் பாத்துக்கறேன்."