இரண்டு பக்கமும் சரியாக வந்த கணக்கு

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகும் சாலையில் ஒரு சிறிய ஷெட்டில் ஷூவின் மேல்பகுதியை மட்டும் தைத்துக் கொடுக்கும் தொழில் நடந்துவந்தது. பெரிய ஏற்றுமதிக் கம்பெனி தோலை அனுப்பும். இவர்கள் வெட்டி, தைத்து, கூலி வாங்கிக்கொள்வார்கள். பதினாலு மெஷின், இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள். நடத்தியவர்கள் இரண்டு பங்குதாரர்கள். ஒரே கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, சேர்ந்து வெளியே வந்தவர்கள். ஒருவர் பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். மற்றவர் ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள்.

நான் அங்கே கணக்கு எழுதினேன். அங்கே மட்டுமில்லை, வாரத்துக்கு ஒரு நாள் வீதம் ஐந்தாறு இடங்களில் எழுதிக்கொண்டிருந்தேன். வருஷக்கடைசியில் எல்லாருக்கும் பேலன்ஸ் ஷீட் போட்டுத் தருவது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் ஒடுகத்தூர்க்காரர் விலகிக்கொள்வதாகச் சொன்னார். அப்பாவுக்கு முடியவில்லை, நிலத்தைப் பார்க்க ஆளில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பேலன்ஸ் ஷீட் போட்டு, அதில் முதல் எவ்வளவு வருகிறதோ அதில் பாதியை அவருக்குக் கொடுத்துவிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். கணக்கு என் கைக்கு வந்தது.

சரக்கிருப்பு எடுக்க நானே ஷெட்டுக்குப் போனேன். நூல், பசை, லைனிங் துணி எல்லாம் எண்ணினேன். பின்னறையில் தோல் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் அட்டை தொங்கியது. அட்டையில் இருந்த சதுர அடியையும் விலையையும் எழுதிக்கொண்டேன். அட்டையின் மேலே யார் பெயர் அச்சடித்திருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், ஆனால் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரியின் கணக்கு காத்திருந்தது. எனக்கு அவசரம்.

நான் போட்ட கணக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. மெஷின்கள் ஆறு லட்சம். கம்பெனியிடமிருந்து வரவேண்டிய கூலி நாலு லட்சம். பேங்கிலும் கையிலும் ஒரு லட்சம். சரக்கிருப்பு நாலு லட்சம். ஆகச் சொத்து பதினைந்து லட்சம். எதிர்ப்பக்கம் மெஷின் கடன் மூன்று லட்சம், கொடுக்கவேண்டிய சம்பளமும் கடைப் பாக்கியும் இரண்டு லட்சம். கடன் ஐந்து போக மீதி பத்து லட்சம் முதல். ஆளுக்கு ஐந்து லட்சம்.

மேடம் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர். ஆனாலும் விரல் நேராகச் சரக்கிருப்பு என்ற வரியில் போய் நின்றது. நாலு லட்சத்துக்கு நம்மிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று கேட்டார்.

நான் அந்த வரியை மறுபடி பார்க்கவே இல்லை. அடியில் இருந்த இரண்டு கூட்டுத்தொகைகளைப் பேனாவால் தட்டிக் காட்டினேன்.

"இந்தப் பக்கம் பதினஞ்சு, அந்தப் பக்கமும் பதினஞ்சு. ஒரு ரூபா வித்தியாசம் இல்ல. தப்பா இருந்தா இப்படி வருமா மேடம்?"

அவர் மேலே கேட்கவில்லை. படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். தொழிலில் இருந்து இரண்டு லட்சம், நகையை வைத்து வாங்கிய கடன் மூன்று லட்சம், ஆக ஐந்து லட்சத்தைப் பங்காளிக்குக் கொடுத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து இருப்பு சரிபார்க்க ஒருவர் வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். அவர் சலான்களை வரிசையாக வைத்து, வந்த தோல், தைத்துப் போன தோல், மீதித் தோல் என்று டிக் அடித்துக்கொண்டே போனார். வருஷக்கடைசி இருப்பு என்ற இடத்தில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று இருந்தது. அந்தத் தொகை எனக்குத் தெரிந்த தொகை. நான் என் கையால் எழுதிய தொகை.

தோல் அவர்களுடையது. இவர்கள் வாங்கியது இல்லை, தைக்க மட்டும் வந்தது. அதை நான் இவர்கள் சொத்தில் சேர்த்துவிட்டேன். சேர்த்ததும் என்ன ஆயிற்று? இருப்பு கூடியதால் லாபம் கூடியது, லாபம் போய் முதலில் சேர்ந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறியது. முதல் என்பது பெட்டியைத் திறந்து எண்ணி எடுக்கிற பணம் இல்லையே. சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அது. மிஞ்சுவதையே எதிர்ப்பக்கத்தில் எழுதினால் இரண்டு பக்கமும் சரியாக வராமல் எங்கே போகும்? கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த பாடம். அதையே ருசுவாகக் காட்டி ஒரு பெண்ணின் வாயை அடைத்திருந்தேன்.

உண்மையான முதல் ஆறு லட்சத்து அறுபதாயிரம். பங்காளிக்குப் போகவேண்டியது மூன்று லட்சத்து முப்பதாயிரம். ஒரு லட்சத்து எழுபதாயிரம் கூடுதலாகப் போய்விட்டது. மேடத்துக்கு ஐந்து லட்சம் இருப்பதாகத் தாளில் இருந்தது. நிஜத்தில் மிச்சம் ஒரு லட்சத்து அறுபதாயிரம்தான்.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். இல்லாத இருப்பை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க ஆரம்பித்தேன். ‘கழிவு’ என்று ஒரு தலைப்புப் போட்டு, மாதம் முப்பதாயிரம். இருப்பு முப்பது குறைந்தால் முதலும் முப்பது குறையும். ஒவ்வொரு மாதமும் கணக்கு சரியாகவே வந்தது. ஒரு வருஷத்தில் யாருக்கும் தெரியாமல் கரைந்துவிடும் என்று நினைத்தேன்.

மேடம் மாதக் கணக்கைப் படிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவரோ நகைக்கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு மெஷினை விற்றிருந்தார். எங்கே பணம் போகிறது என்று வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார். கழிவு என்ற வரி அவர் கண்ணில் பட்டது. மாதாமாதம் முப்பதாயிரத்துக்குத் தோல் காணாமல் போகிறது என்று அவர் புரிந்துகொண்டார். என்னிடம் கேட்டபோது, வெட்டும்போது கொஞ்சம் போகத்தான் செய்யும் என்றேன்.

வெட்டுகிற வேலையைப் பார்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தோலை விரித்து, எங்கே தழும்பு, எங்கே மெலிவு என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அச்சை வைப்பார். அவரிடம் வீணாகும் தோல் கம்மி என்று கம்பெனிக்காரர்களே சொல்வார்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, வேலை விட்டு ஆட்கள் கிளம்புகிற நேரம். கேட் அருகில் மேடம் நின்றுகொண்டு எல்லோருடைய பையையும் திறந்து காட்டச் சொன்னார். பெண்கள் முணுமுணுத்தபடி காட்டினார்கள். வெட்டுகிறவர் முறை வந்தபோது மேடம் பையைத் தானே வாங்கி உள்ளே கையை விட்டார். அதில் ஒரு துண்டு, மாத்திரை அட்டை, டிபன் பாக்ஸ். வெட்டுகிறவரே டிபன் பாக்ஸையும் எடுத்துத் திறந்து நீட்டினார். ஓரத்தில் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது.

"தோலு கம்பெனியோடது மேடம். அவங்க எண்ணிப் பாத்துட்டு சரின்னு கையெழுத்து போட்டுட்டு போய்க்கினே இருக்காங்க. அவங்களுக்கே குறையாத தோல நான் இன்னாத்த எடுத்தேன்?"

குரலை உயர்த்தவே இல்லை. மேடம் மெதுவாகத் திரும்பி, ஆபீஸ் வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திங்கட்கிழமை பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் வீட்டுக்குப் போனேன். திங்கள்வரை தாங்க முடியவில்லை. அவர் உட்காரச் சொன்னார், நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். பங்கு பிரித்த நாள் தொடங்கி, கழிவு என்று எழுதியதுவரை. திருத்திய பேலன்ஸ் ஷீட்டையும் கொடுத்தேன். அதிலும் அடியில் இரண்டு தொகையும் ஒன்றாகவே இருந்தன.

அவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அப்ப இன்னா பொய் எழுதினாலும் ரெண்டு பக்கமும் சரியா வருமா சார்?"

"வரும் மேடம். ரெண்டு பக்கமும் எழுதிட்டா வரும்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. நான் அந்த வரிய தானே கேட்டேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, முதலில் வெட்டுகிறவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். மேடம் அவர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவர் எங்கள் இருவருக்கும் டீ கொடுத்தார். திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் மேடம் மறுபடி மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் மாதம் முடிந்ததும் வெட்டுகிறவர் ஆம்பூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அடுத்து நான் பஸ் ஏறி ஒடுகத்தூர் போனேன். பழைய பங்காளி வேர்க்கடலைக் கொல்லையில் இருந்தார். புதிதாகப் போட்ட போர்வெல் ஓடிக்கொண்டிருந்தது. தாளைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, பின்னறைத் தோலை நம்முடையது என்று எப்படிச் சார் எழுதினீர்கள், நானாவது வரி வரியாகப் பார்த்திருக்கவேண்டாமா என்று தன்னையும் நொந்துகொண்டார். பணம் பூமிக்குள் போய்விட்டது என்றார். மகசூல் வந்ததும் எழுபதாயிரம் அனுப்பினார். அதற்கு மேல் அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. மேடமும் கேட்கவில்லை.

மீதி ஒரு லட்சத்தை நான் கொடுப்பதாகச் சொன்னேன். மேடம் மறுப்பார் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. அதுவும் வெட்கம்தான். அவர் மறுக்கவில்லை. "வாங்கிக்கிறேன் சார். வேணாம்னு சொல்ற நிலமையில நான் இல்ல" என்றார். இருபது மாதம், மாதம் ஐயாயிரம் கட்டினேன். கடைசித் தவணை கொடுத்த அன்று ரசீது எழுதிக் கையில் தந்தார். கணக்கை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அதையும் அவரே நேரில் சொன்னார். ஷெட் இப்போதும் நடக்கிறது, பன்னிரண்டு மெஷினோடு.

போன வருஷம் வெட்டுகிறவர் என் ஆபீஸுக்கு வந்தார். வேலையை விட்டு நின்றுவிட்டாராம், கண் சரியாகத் தெரியவில்லை. பிஎஃப் பணம் எடுக்க ஆன்லைனில் விண்ணப்பம் போடவேண்டும், பெயரில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வேறு போக்கில்லை, அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அரை நாள் உட்கார்ந்து திருத்தி, விண்ணப்பத்தை ஏற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

எழுந்தபோது எவ்வளவு ஆகிறது என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்து, பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரை அதன்மேல் வைத்தார்.

"சும்மா செய்ய வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.