மேசை அட்டையில் வீட்டுக்காரி பெயர்

திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் நான் சப்ளையர். கையில் சில்லறை வைத்துக்கொண்டு இப்போது யார் வருகிறார்கள்? அதனால் முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். பில்லுக்குக் கல்லாவில் கடையின் ஸ்கேன் அட்டை. டிப்ஸுக்கு அவரவர் மேசையில் அவரவர் அட்டை; பணம் நேராக அவரவர் பேங்க் கணக்குக்கே போய்விடும்.

என் கணக்கில் இருந்ததோ தொலைந்துபோன சிம்மின் நம்பர்; அது இல்லாமல் ஸ்கேன் அட்டை எடுக்க முடியாது. அதை மாற்ற பேங்குக்குப் போகலாமென்றால் லீவு கிடைத்தால்தானே! செம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்காரியின் அட்டையை வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். "போட்டுட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். வந்ததா, எவ்வளவு, ஒன்றும் தெரியாது. டிங் என்ற சத்தம் செம்பட்டியில்தான் கேட்கும். நான் பாட்டுக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரித்து வைப்பேன்.

ஒரு ஞாயிறு மதியம், குடும்பத்தோடு வந்த ஒருவர் ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே நிமிர்ந்தார்.

"ஏப்பா, ஏதோ பொம்பள பேரு காட்டுது? ஸ்டிக்கர மாத்தி ஒட்டி ஏமாத்துறீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் சம்சாரம் சார்" என்றேன். அவர் நம்பவில்லை. மேனேஜர் ஓடி வந்தார்.

"யார் பேருல வச்சிருக்கேன்னு எங்கிட்டச் சொன்னியா? உண்மையா இருந்தா இப்பவே காட்டு. இல்லன்னா கணக்க முடிச்சுட்டுக் கிளம்பு."

எப்படிக் காட்டுவது? என் வீட்டில் நான்தான் புருஷன் என்று யாரிடம் சீட்டு வாங்குவது? வீட்டுக்காரிக்கே போன் போட்டேன். மேனேஜர் ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன்.

சாப்பிட வந்தவர் சோதித்துப் பார்க்க ஒரு ரூபாய் அனுப்பினார். அது போய்ச் சேரும்வரை எனக்கு உயிர் போய் வந்தது.

"ஒரு ரூபா வந்திருக்குங்க" என்று அனுப்பியவர் பெயரையும் வாசித்தாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா நெனச்சுக்காதப்பா" என்று உடனே நூறு ரூபாய் அனுப்பினார். மேனேஜரும் என் முதுகில் தட்டினார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குள் சாப்பிட வந்தவருடைய போன் சத்தம் போட்டது. மறுபடியும் ஒரு தடவை. எடுத்துப் பார்த்து அவரும் முழித்தார். ஒரு ரூபாயும் அவருக்கே திரும்பி வந்துவிட்டது, நூறும் வந்துவிட்டது.

"எங்க வீட்டு ஆளத் திருடன்னு சொன்னவுக காசு எங்களுக்கு வேணாங்க" என்றது ஸ்பீக்கர்.

ஐயோ, நூறு ரூபாயாச்சே என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் கண் நிறைந்துவிட்டது. போனைக் காதில் வைத்தால் அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டாள்:

"மணி மூணாச்சு, சாப்டீங்களா இல்லயா?"

இன்னும் இல்லை என்றேன்.