ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கு

போன வருஷம் ஒரு நாள் என் கணவர் மெடிக்கல் ஷாப்பிலிருந்து திருட்டு முழியோடு கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி வந்தார். இரண்டு மாதமாக எனக்கு மாதவிலக்கு வரவில்லை. பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள்! அட்டையில் ஒரே கோடுதான் விழுந்தது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எனக்குத்தான் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. கர்ப்பம் இல்லையென்றால் இது என்ன?

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் நடக்கும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நானும் என் நாத்தனாரும் பெயர் கொடுத்திருந்தோம். அதை ஓடி முடிக்க வேண்டும், அதற்குள் இளைக்கவும் வேண்டும் என்று எனக்கு வெறி. எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் முன்பு அரட்டை அடித்துக்கொண்டே ஓடிய வேகத்துக்கே மூச்சு வாங்கியது. கெண்டைக்கால் வலி போகவே இல்லை. தூக்கமும் கெட்டு, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

நாத்தனார் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். ஞாயிற்றுக்கிழமை கொளவாய் ஏரிப் பக்கம் ஓடிவிட்டு, எங்கள் ஓட்டக் கூட்டம் வழக்கம்போல இட்லிக் கடையில் உட்கார்ந்தது. எல்லோரும் வடகறியை வெளுத்துக் கட்ட, நான் கடுங்காப்பி குடித்தேன். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"டெய்லி இன்னா துன்றீங்க அண்ணி?"

"கணக்கா ஐநூறு கலோரி கொறைச்சிக்கினு வரேன்."

"ஓடுறது?"

"அது போனஸ்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சோத்துல ஐநூறு, ஓட்டத்துல ஐநூறு. ஆயிரம் ஆச்சே! ஒடம்பு எங்கேர்ந்து குடுக்கும்? உயிருக்கு அவசரமில்லாத வேலையெல்லாம், மாசாமாசம் வர்றதையும் சேர்த்து, நிறுத்திக்கினு கீது. மொதல்ல டாக்டராண்ட போலாம், வாங்க."

வேறு கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, நாத்தனார் சட்டம் போட்டாள். மாதவிலக்கு திரும்பும் வரை சாப்பாட்டில் எதையும் குறைக்கக் கூடாது, கால் வலி விடும் வரை ஓட்டமும் பாதிதான். அப்புறம் வேண்டுமானால், ஓட்டத்தில் எரிவதற்கும் சாப்பிட்டுவிட்டு, முந்நூறு, மிஞ்சிப்போனால் ஐநூறு குறைக்கலாம். நெடுந்தூரம் ஓடுகிற நாளில் அதுவும் கிடையாது. ஓடி முடித்ததும் இட்லியோடு முட்டையும் கட்டாயம். கரும்பு தின்னக் கூலியா என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு கிலோ ஏறியது. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கம் வந்தது, கால் வலி விட்டது, பழைய அரட்டையும் திரும்பியது. மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினோம். மாதவிலக்கு மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் அவள் கண்ணாலேயே கேட்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன்.

ஓட்டத்தன்று விடியற்காலை, கடல் காற்றில் கூட்டத்தோடு நின்றபோது அடிவயிறு இழுத்தது. கழிப்பறைக்கு ஓடிப் பார்த்தேன். ஆயுசு முழுக்க நான் திட்டித் தீர்த்த சனியன்! அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்து நாத்தனாரின் காதில் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில், பக்கத்தில் நின்றவர்கள் ஓட்டம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

"ஓட முடியுமா அண்ணி?"

"நைட்டு நல்லா துன்னுட்டுதான் படுத்தேன், வா," என்றேன். வழியெல்லாம் அரட்டை அடித்துக்கொண்டே இருபத்தொன்றையும் ஓடி முடித்தோம்.