இம்புட்டு இடம் உங்களுது

ஸ்பானிஷ் படிக்கப் போன ஆண்டு 1981. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு வந்த சனிக்கிழமை முதல் வகுப்பு. சாலையெங்கும் எதிர்சேவைப் பந்தல்களின் மூங்கில்கள் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தன. எனக்கு அந்த மொழி எந்த வேலைக்கும் தேவையில்லை. சிற்றலை வானொலியில் தென் அமெரிக்க நிலையங்களைத் தேடிக் கேட்பது என் பழக்கம். அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னும் பின்னும் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

வகுப்பு பசுமலையில், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டு அறையில் நடந்தது. எடுத்தவர் ஸ்பெயினிலிருந்து வந்து இங்கே பல ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு கன்னியாஸ்திரி. அவர் மருத்துவரும்கூட. அழகர்கோவில் சாலையில் தொழுநோயாளிகளுக்கான சிறு மருத்துவமனை ஒன்றை நடத்திவந்தார். தமிழைப் புத்தகத்தில் படிக்காமல் நோயாளிகளிடம் கேட்டுப் பழகியதால் அவருடைய பேச்சு அச்சு அசல் மதுரைப் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேலூர்ச் சந்தையில் நிற்பதுபோல் இருக்கும்.

என்னுடன் படித்தவர் ஒருவர்தான். அந்த மருத்துவமனையின் நர்ஸ். ஆனையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் வேலைக்குப் போன முதல் பெண். எனக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு அது வாழ்க்கை. உணர்ச்சி இழந்த கைகளுக்குப் பயிற்சி கொடுத்து, மடங்கிப்போன விரல்களை மறுபடி பழக்கும் முறையை ஸ்பெயினில் ஒரு மருத்துவமனையில் ஓராண்டு கற்றுத்தருவார்கள். இங்கிருந்து ஒருவருக்கு இடம். ஐப்பசியில் அங்கிருந்து ஒரு மருத்துவர் வருவார். நர்ஸிடம் பேசிப் பார்ப்பார். நோயாளியோடு அந்த மொழியில் பழக முடியும் என்று அவருக்குத் தோன்றினால் பயணம் உறுதி. தோன்றாவிட்டால் இடம் வேறு ஊருக்குப் போய்விடும். நர்ஸின் அப்பா இந்த ஒருமுறைக்கு மட்டும்தான் சம்மதம் சொல்லியிருந்தார். இந்த ஆண்டு போகாவிட்டால் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நர்ஸ் வேலையையே விடச் சொல்லியிருந்தார்கள்.

உடைமைச் சொற்கள் ஆடி மாதம் வந்தன. mi என்றால் என் அல்லது என்னுடைய, tu என்றால் உன், su என்றால் அவன், அவள், அவர், அவர்கள், நீங்கள் ஆகிய எல்லாருக்கும் ஒன்றே. பொருள் பலவாக இருந்தால் mis, tus, sus. nuestro என்னும் ‘எங்கள்’ மட்டும் ஆண்பால் பெண்பால் பார்க்கும். அதுவும் யாருடைய பொருள் என்பதைப் பார்க்காது, பொருளின் பாலைப் பார்க்கும். வீடு என்னும் casa பெண்பால், அதனால் ஆண்கள் மட்டுமே இருக்கும் வீடானாலும் nuestra casa, ‘எங்கள் வீடு’.

நர்ஸ் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். “அப்ப வீடுதான் பொம்பளையா சிஸ்டர்? ஆம்பளைக கணக்குலயே வரலயா?”

“இங்கிட்டு மட்டும் வருதாக்கும்? வீடு யாருதுன்னு ஒங்க அம்மாவக் கேளு” என்றார் சிஸ்டர்.

அடுத்த வாரம் உடல் உறுப்புகள். தலைவலிக்கிறது என்று ஸ்பானிஷில் சொல்லுங்கள் என்றார். நான் மனசுக்குள் முதலில் ஆங்கிலத்தில் சொல்லிப்பார்த்து, அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றி, mi cabeza duele என்றேன். ‘என் தலை வலிக்கிறது’. நர்ஸும் அதையே சொன்னார். இருவரும் அந்நிய மொழி என்றாலே ஆங்கிலத்தின் வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று பழகியவர்கள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். “அண்ணே, ஒங்க தல ஒங்களுதுதான். யாரும் பங்கு கேக்கல.”

பிறகு பலகையில் எழுதினார்: Me duele la cabeza. எனக்கு வலிக்கிறது, தலை. la என்பது தலை என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் சுட்டுச் சொல். பெண்பால் பெயருக்கு வருவது. யாருக்கு என்பதை me சொல்லிவிட்டது. அதன்பிறகு தலையின் மேல் மறுபடி பெயர் எழுத வேண்டியதில்லை. கை கழுவினேன் என்பதும் அப்படியே: me lavé las manos. நோயாளியின் காலைக் கழுவுகிறேன் என்றால் le lavo los pies. அவருக்குக் கழுவுகிறேன், கால்களை.

நர்ஸ் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: “நம்ம பேச்சுதானே சிஸ்டர் இது. எனக்குத் தல வலிக்குது. என் தலைன்னு யாரு சொல்றா?”

சிஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை ஆண்டுகளில் தனக்கே இது தோன்றவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். இரண்டு மொழியும் ஒரே மனிதருக்குள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்திருக்கின்றன, நடுவில் கதவு திறக்கப்படவில்லை. அன்றிலிருந்து வகுப்பில் ஆங்கிலம் நின்றது. கையைத் தூக்குங்கள், levante la mano. கண்ணை மூடுங்கள், cierre los ojos. எல்லாரும் கையைத் தூக்கினார்கள் என்று தமிழில் ஒருமையில் சொல்வதுபோலவே அங்கும் levantaron la mano; ஆளுக்கு ஒரு கை. நர்ஸ் இவற்றை வார்டில் வேலை செய்துகொண்டே முணுமுணுப்பாராம். கட்டுப் பிரிக்கும்போது நோயாளிகள் ‘ஏதோ மந்திரம் சொல்லுது’ என்று கைகூப்பியதாகச் சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் ஒரு தொந்தரவு வந்து சேர்ந்தது. எங்கள் இருவருக்கும் உடைமைச் சொல்லைப் பார்த்தாலே பயம் பிடித்துவிட்டது. தேவையான இடத்திலும் விட்டுவிட்டோம். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் நர்ஸ், la madre நலம் என்றார். எந்த மடத்தின் மதர் என்று சிஸ்டர் விசாரித்தார். இது யார் குடை என்று கேட்டபோது நான் ‘குடைதான்’ என்று பதில் சொன்னேன். es mío என்று, என்னுடையது என்று, சொல்லியிருக்க வேண்டும். தேர்வு நெருங்க நெருங்க நர்ஸ் இதில் இறுகிப்போனார். சொல்வதற்கு முன்னால் நிறுத்தி, உள்ளே சரிபார்த்து, பிறகே வாயைத் திறந்தார். பேச்சில் உயிர் போய்விட்டது. சிஸ்டருக்கும் அது கவலைதான், வெளியே காட்டவில்லை.

ஐப்பசியில் மருத்துவர் வந்தார். மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. வகுப்பை அன்று அழகர்கோவில் சாலை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சிஸ்டர் சொல்லியனுப்பியிருந்ததால் நானும் போயிருந்தேன். ஒல்லியான, நரைத்த மனிதர். மேசை போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார் என்று நினைத்திருந்தோம். அவர் கைகளைக் கழுவிக்கொண்டு நேரே புறநோயாளிகள் வராந்தாவுக்குப் போனார். நர்ஸை வரச்சொல்லித் தலையசைத்தார். நான் தூணோரம் நின்றுகொண்டேன்.

முதல் நோயாளி கிட்டத்தட்ட ஐம்பது வயதுக்காரர். முன்பு கிணறு வெட்டியவர். வலது கை விரல்கள் உள்பக்கம் மடங்கியிருந்தன. மருத்துவர் எதையோ கேட்டார். கை வலிக்கிறதா என்பதுதான் என்று எனக்கே புரிந்தது, ¿Le duele la mano? நர்ஸ் தமிழில் கேட்டார்.

அவர் அந்தக் கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார். “வலிச்சாத்தேன் தேவலையே. இந்தக் கை என்னுது இல்ல தாயி. யாரோ வச்சுட்டுப் போன மாதிரி கெடக்கு.”

மருத்துவர் நர்ஸைப் பார்த்தார். “¿Qué dice?” என்ன சொல்கிறார்?

நர்ஸ் நோயாளியின் கையையே பார்த்தார். எனக்கு அவர் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்தது. மாதக்கணக்காக நாங்கள் தள்ளிவைத்த சொல் அங்கே வேண்டியிருந்தது. அவருடையது இல்லை என்று மாற்றிச் சொன்னால் suya வரும். அது அவருடையது என்றும் ஆகும், எதிரே நிற்கும் ‘உங்களுடையது’ என்றும் ஆகும். சிஸ்டர் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், உதவிக்கு வரவில்லை.

நர்ஸ் குனிந்து தன் வலது கையை இடது கையால் தூக்கினார். நோயாளி செய்தது போலவே. தன் குரலில் சொல்லவில்லை, அந்த மனிதரின் இடத்தில் நின்று சொன்னார்: “Esta mano no es mía. Alguien la dejó aquí.” இந்தக் கை என்னுடையது இல்லை. யாரோ இங்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

மருத்துவர் நர்ஸின் தூக்கிய கையைப் பார்த்தார், பிறகு நோயாளியின் கையை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் கையைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சுத் திரியால் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். விரல் நுனியில் உணர்வு இல்லை. உள்ளங்கையில் இல்லை. கட்டைவிரலின் அடிமேட்டில் தொட்டபோது நோயாளியின் புருவம் அசைந்தது.

“அங்க தெரியுது” என்றார்.

“Aquí sí” என்றார் நர்ஸ்.

மருத்துவர் அந்த மேட்டைத் தன் பெருவிரலால் அழுத்தி, நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “Entonces este trocito es suyo.”

நர்ஸுக்கு இந்த முறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “இம்புட்டு இடம் ஒங்களுதாம்ணே” என்றார்.

அவர் கண்ணைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தார், பக்கத்து வயலை வாங்கியவர் வரப்பைப் பார்ப்பதுபோல. பிறகு நர்ஸிடம், “மொதல்ல என்ன சொன்ன தாயி, கையெல்லாம் தூக்கிக்கிட்டு?”

“நீங்க சொன்னதத்தேன். இந்தக் கை என்னுது இல்லன்னு.”

“அது சரி. நீயி சொன்னா ஒன் கை இல்லேன்னுல்ல நெனச்சிருப்பாரு. நல்ல கைய வச்சுக்கிட்டு இந்தப் புள்ளைக்கு என்ன கேடுன்னு.”

நர்ஸ் சிரித்துவிட்டார். என்னவென்று மருத்துவர் கேட்க, அதையும் அவர் ஸ்பானிஷில் சொன்னார். கொஞ்சம் திணறி, பாதி சைகையில். சொல் எங்கே நிற்கிறது என்று ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்கவில்லை. மருத்துவரும் சிரித்தார். அடுத்த நோயாளியை வரச்சொன்னார். மதியம் வரை வராந்தாவிலேயே இருந்தார்கள். மேசைக்கு அவர் வரவே இல்லை.

தேர்வு எப்போது என்று சாப்பாட்டு வேளையில் சிஸ்டர் கேட்டதற்கு, எந்தத் தேர்வு என்று அவர் திருப்பிக் கேட்டாராம். நர்ஸ் மார்கழியில் புறப்பட்டார்.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். வராந்தாவின் கிழக்குக் கோடியில் தடுப்புப் போட்டுக் கைப்பயிற்சிக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். நான் போயிருந்த அன்று கிணறு வெட்டியவர் அங்கே உட்கார்ந்து, மெழுகு உருண்டை ஒன்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கட்டைவிரல் மட்டும்தான் நன்றாக அழுத்தியது, மற்றவை துணைக்கு நின்றன. நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தொட்டால் தெரிகிற இடம் எம்புட்டுத் தூரம் வந்திருக்கிறது என்று கேட்டார்.

அவர் கட்டைவிரலின் அடிமேட்டிலிருந்து இடது ஆள்காட்டி விரலை மெல்ல நகர்த்தி, உள்ளங்கையின் முதல் ரேகை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார்.

“இதுவரைக்கும் என்னுது” என்றார்.